கருத்தடைப் பயன்பாடு ஏறி இறங்கினாலும் கருவுறுதல் விகிதம் ஏன் அசையவில்லை?

கேள்வி: தமிழ்நாட்டுக்கான தேசிய குடும்ப நல ஆய்வு எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். கருத்தடைப் பயன்பாடு 2005-06-ல் 61 சதவீதம், 2015-16-ல் 53, 2019-21-ல் 69. ஆனால் மொத்தக் கருவுறுதல் விகிதம் 1.8, 1.7, 1.8 என்று அப்படியே நிற்கிறது. கருத்தடை குறைந்தபோது பிறப்பு கூடியிருக்க வேண்டாமா? அப்புறம், நிறைவேறாத தேவை 7.5 சதவீதம் என்றால், நூற்றில் ஏழெட்டுப் பெண்கள் கருத்தடை கேட்டும் கிடைக்காமல் இருக்கிறார்கள் என்று அர்த்தமா?

பதில்:

இரண்டாவதற்குச் சுருக்கமான பதில், இல்லை. முதல் கேள்விக்கு அப்படி ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நீங்கள் எடுத்துக்கொண்ட மூன்று எண்களும் ஒரே அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகின்றன. அதனால் ஒரே கூட்டத்தைப் பற்றி, ஒரே காலத்தைப் பற்றிப் பேசுவதுபோல் தெரிகின்றன. உண்மையில் மூன்றும் வேறு வேறு பெண்களை, வேறு வேறு காலத்தில் எண்ணுகின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீரும். மீதிப் பாதிக்கு 2015-16 ஆய்வின் அந்த 53-ஐயே சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

முதலில் மொத்தக் கருவுறுதல் விகிதம். ஒரு பெண் சராசரியாக எத்தனை பிள்ளை பெற்றாள் என்பதுதான் இந்த எண் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அப்படிப்பட்ட பெண் யாரும் இல்லை. ஆய்வு நடப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில், 15-19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை பிறப்பு, 20-24 வயதில் எத்தனை என்று 45-49 வரை ஏழு குழுக்களுக்குத் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள். விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்களைப் பாருங்கள்: 25, 125, 130, 55, 15, 3, 0. கூட்டினால் 353. ஒவ்வொரு குழுவும் ஐந்து வயதைக் கொண்டது என்பதால் ஐந்தால் பெருக்கினால் 1,765. அது ஆயிரம் பெண்களுக்கான கணக்கு. ஒரு பெண்ணுக்கு 1.77, அதாவது 1.8.

இந்த 1.8 சொல்வது இவ்வளவுதான்: இன்று 15 வயதாகும் ஒரு பெண், தன் வாழ்க்கை முழுவதும் இப்போதைய 20 வயதுக்காரர்கள், 30 வயதுக்காரர்கள், 40 வயதுக்காரர்கள் நடந்துகொள்வது போலவே அந்தந்த வயதில் நடந்துகொண்டால் அவளுக்கு 1.8 பிள்ளை இருக்கும். இன்று 40 வயதாகும் பெண் 1.8 பெறவில்லை. அவள் இரண்டோ மூன்றோ பெற்று முடித்துவிட்டாள். அவளுடைய கடந்த மூன்று ஆண்டு மட்டும்தான் இந்தக் கணக்குக்குள் வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது பகுதி எண், அதாவது எந்தப் பெண்களின் தொகையால் வகுக்கிறோம் என்பது. அந்த ஆயிரம் பெண்களில் கல்யாணம் ஆனவரும் உண்டு, ஆகாதவரும் உண்டு. கருத்தடைப் பயன்பாட்டு விகிதத்துக்கு வாருங்கள். அதன் பகுதி எண், இப்போது திருமண உறவில் இருக்கும் 15-49 வயதுப் பெண்கள் மட்டும். கல்யாணமாகாதவர், கணவரை இழந்தவர், பிரிந்தவர் யாரும் அதில் இல்லை. நாம் எல்லோரும் மேற்கோள் காட்டும் 69 சதவீதம் அதுதான்.

இதனால் என்ன ஆகும்? 20-24 வயதில் நூறு பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பு அவர்களில் 70 பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கல்யாணமானவர்களில் நூற்றுக்கு 18 பேர் ஆண்டில் பிள்ளை பெற்றார்கள் என்றால், அந்த வயதுக் குழுவில் ஆயிரத்துக்கு 126 பிறப்பு. படிப்பும் வேலையும் கூடி, கல்யாணமானவர்கள் 50 ஆகக் குறைகிறார்கள். தம்பதிகளின் நடத்தை துளிகூட மாறவில்லை, அதே நூற்றுக்கு 18 தான். ஆனாலும் பிறப்பு ஆயிரத்துக்கு 90 ஆகிவிடும். 36 குறைவு. ஐந்தால் பெருக்கினால் மொத்தக் கருவுறுதல் விகிதத்தில் 0.18 போய்விட்டது. யாரும் கூடுதலாக ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதிதாகக் கல்யாணமானவர்கள் பெரும்பாலும் கருத்தடை பயன்படுத்தாதவர்கள். முதல் பிள்ளைக்குக் காத்திருப்பவர்கள். கல்யாணம் தள்ளிப்போனால் அவர்கள் பகுதி எண்ணிலிருந்தே வெளியேறுகிறார்கள். மிச்சமிருப்பவர்களில் பயன்படுத்துவோர் பங்கு தானாக உயரும். அப்போது கருத்தடை விகிதம் ஏறியிருக்கும், கருவுறுதல் விகிதம் இறங்கியிருக்கும். பார்ப்பவர் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எழுதிவிடுவார். இரண்டுக்கும் காரணம் கல்யாண வயது.

மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் பொங்கார்ட்ஸ் 1978-ல் கொடுத்த சட்டகம் இந்த இடத்தில் இன்றும் பயன்படுகிறது. பிறப்பு விகிதத்தை நேரடியாகத் தீர்மானிப்பதில் முக்கியமானவை நான்கு: எத்தனை பேர் திருமண உறவில் இருக்கிறார்கள், எத்தனை பேர் எவ்வளவு பலன் தரும் கருத்தடையைப் பயன்படுத்துகிறார்கள், கருக்கலைப்பு எவ்வளவு, பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் ஊட்டுவதால் கருத்தரிக்காமல் இருக்கும் காலம் எவ்வளவு. கருத்தடை நான்கில் ஒன்றுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு பிறப்பைக் கணிக்கப் போனால் உங்களுக்கு வந்த ஆச்சரியம் எல்லோருக்கும் வரும்.

சரி, இவ்வளவு சொல்லியும் தமிழ்நாட்டின் 61, 53, 69 விளங்கவில்லை. கல்யாண வயது இப்படி மேலும் கீழுமாகக் குதிக்காது. அதனால் அந்த எண்ணுக்குள் போய்ப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் கருத்தடை என்றால் பெரும்பாலும் பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். 2019-21 ஆய்வில் 69-ல் 58 அதுதான். காப்பர்-டி, ஆணுறை, மாத்திரை எல்லாம் சேர்த்து மிச்சத்தில் அடங்கிவிடுகின்றன. ஆண்களுக்கான ஆபரேஷன் பேருக்குத்தான் இருக்கிறது. 2005-06-ல் பெண் ஆபரேஷன் 55, 2015-16-ல் 49, 2019-21-ல் 58. இது மாத்திரை மாதிரி இந்த மாதம் எடுத்து அடுத்த மாதம் விடுகிற விஷயம் இல்லை. ஒருமுறை செய்துகொண்ட பெண் 49 வயது தாண்டும்வரை ஒவ்வொரு ஆய்விலும் பயன்படுத்துபவராகவே எண்ணப்படுவார். அதாவது இது பல ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. இருப்பு மெதுவாகத்தான் அசையும்.

எவ்வளவு மெதுவாக என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். நூறு மணமான பெண்கள். ஐந்து ஆண்டுகளில் அவர்களில் 14 பேர் 49 வயதைத் தாண்டி வெளியேறுகிறார்கள், அதே எண்ணிக்கையில் புதுமணப்பெண்கள் உள்ளே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியேறுபவர்களில் பத்தில் ஆறு பேர் ஆபரேஷன் செய்தவர்கள், உள்ளே வருபவர்களில் யாரும் இல்லை. 55 பேரில் தொடங்கினால் பத்து ஆண்டில் 17 பேர் வெளியேறி 38 மிஞ்சும். அது 49 ஆக இருக்க வேண்டுமானால் அந்தப் பத்து ஆண்டில் புதிதாக 11 பேர் செய்திருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஐந்து, ஆறு பேர். அடுத்த ஐந்து ஆண்டுக்கு வருவோம். 49-ல் 8 பேர் வெளியேறி 41 ஆகும். அது 58 ஆக வேண்டுமானால் புதிதாக 17 பேர் செய்துகொண்டிருக்க வேண்டும். முந்தைய வேகத்தைப்போல மூன்று மடங்கு.

என் அனுமானங்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டாலும் இந்தப் பாய்ச்சல் மறையாது. தமிழ்நாட்டில் இந்த ஆபரேஷன் பெரும்பாலும் இரண்டாம் பிரசவத்தோடு ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும் காரியம். பிறப்பு விகிதம் அப்படியே இருக்கும்போது ஆபரேஷன் வேகம் பத்து ஆண்டு படுத்துக் கிடந்து, பிறகு திடீரென மூன்று மடங்கு எழுந்தது என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. 2015-16-ல் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் ஒரு பகுதியினர் அந்த ஆய்வில் பதிவாகாமல் போனார்கள் என்பதே எளிய விளக்கம். தமிழ்நாடு மட்டும் இல்லை, கோவாவில் அதே ஆய்வு கருத்தடைப் பயன்பாட்டை 26 சதவீதம் என்றது. ஐந்து ஆண்டு கழித்து 68. அங்கேயும் 2015-16-ல் கருவுறுதல் விகிதம் 1.7 தான். நூற்றில் 26 பேர் மட்டும் கருத்தடை பயன்படுத்தும் ஊரில் 1.7 வருவது கடினம்.

நீளமான கேள்வித்தாள், மாலைக்குள் முடிக்க வேண்டிய வீடுகள், ‘பயன்படுத்தவில்லை’ என்று எழுதினால் அடுத்த பல கேள்விகள் மிச்சம் என்பது போன்ற நெருக்கடிகள் எல்லாக் கணக்கெடுப்பிலும் உண்டு. கேட்பவர் ‘குழந்தை பிறக்காமல் இருக்க இப்போது ஏதாவது செய்கிறீர்களா’ என்று கேட்டால், பதினைந்து வருடத்துக்கு முன் ஆபரேஷன் செய்த பெண் ‘இப்போது ஒன்றும் செய்யவில்லையே’ என்று நேர்மையாகவே பதில் சொல்லக்கூடும். ஆபரேஷனைத் தனியாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டியது கேட்பவரின் வேலை. 2015-16-ல் எது நடந்தது என்று நான் அடித்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்தச் சந்தேகத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, அதற்கு மூன்றாவது எண் உதவும்.

நிறைவேறாத தேவை எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். ‘உங்களுக்குக் கருத்தடை தேவையா, கிடைக்கவில்லையா’ என்று எந்தப் பெண்ணிடமும் கேட்பதில்லை. பல கேள்விகளுக்கான பதில்களிலிருந்து ஆய்வாளர்கள் அதை வருவித்துக்கொள்கிறார்கள். இப்போது உலகம் முழுக்கப் பயன்படும் வரையறை 2012-ல் திருத்தப்பட்டது. மணமான பெண், கருத்தடை எதுவும் பயன்படுத்தவில்லை. கருத்தரிக்கக்கூடியவர். இனிப் பிள்ளை வேண்டாம் என்கிறார், அல்லது இரண்டு ஆண்டாவது போகட்டும் என்கிறார். இவர் நிறைவேறாத தேவைக் கணக்கில் வருவார். இதோடு இன்னும் இரண்டு வகையினரைச் சேர்க்கிறார்கள். இப்போது கர்ப்பமாக இருந்து, ‘இது இப்போது வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்’ என்பவர். பிரசவமாகி இரண்டு ஆண்டுக்குள், மாதவிடாய் இன்னும் திரும்பாமல், அந்தப் பிள்ளையை அப்போது விரும்பியிருக்கவில்லை என்று சொல்பவர். இந்த இரண்டு வகையினருக்கும் இந்த நிமிடம் கருத்தடை தேவையே இல்லை. ஆனாலும் கணக்கில் உண்டு, ஏனென்றால் அவர்களுக்குத் தேவை இருந்த காலத்தில் அது நிறைவேறவில்லை.

கணவர் திருப்பூரில் வேலை பார்க்க, பீகார் கிராமத்தில் இருக்கும் மனைவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டில் சில வாரம்தான் அவர் ஊருக்கு வருகிறார். இரண்டு பிள்ளை போதும் என்கிறார் மனைவி, கருத்தடை எதுவும் இல்லை. வரையறைப்படி இவர் நிறைவேறாத தேவை உள்ளவர். இவரைக் கேட்டால் ‘அவரே ஊரில் இல்லை, எனக்கு எதற்கு?’ என்பார். இவருக்கு மாத்திரை கிடைக்காததா பிரச்சினை? பக்க விளைவுக்குப் பயந்து காப்பர்-டியை எடுத்துவிட்டவர், கணவரோ மாமியாரோ சம்மதிக்காதவர், தாய்ப்பால் கொடுக்கும்வரை கர்ப்பம் தரிக்காது என்று நம்புபவர் என்று இந்தக் கணக்குக்குள் பலர் இருக்கிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் ஆணுறை இருப்பில் இல்லை என்பதால் வந்தவர்கள் அதில் ஒரு சிறு பகுதியாகக்கூட இருக்கலாம். அதனால்தான் 7.5-ஐக் கிடைக்காதவர்களின் எண்ணிக்கை என்று படிக்கக்கூடாது. தன் விருப்பமும் தன் நடத்தையும் பொருந்தாமல் இருக்கும் பெண்களின் பங்கு என்று படிக்கலாம். ஏன் பொருந்தவில்லை என்பதை இந்த எண் சொல்லாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆபரேஷன் செய்துகொண்டு பின்னால் வருந்தும் 24 வயதுப் பெண் தேவை நிறைவேறியவர் கணக்கில்தான் இருப்பார். இடைவெளி விட ஏதாவது வேண்டும் என்றிருந்து, ஆபரேஷன் மட்டுமே காட்டப்பட்டு அதைச் செய்துகொண்டவரும் அப்படியே. தமிழ்நாடு, ஆந்திரா போன்ற மாநிலங்களுக்கு இது சிறு விஷயம் இல்லை. 2019-21 ஆய்வின்படி ஆந்திராவில் மணமான பெண்களில் 70 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்தவர்கள், நிறைவேறாத தேவை 5 சதவீதத்துக்கும் கீழே. பார்க்க மிக நல்ல எண். எவ்வளவு விரிந்த தேர்வு அந்தப் பெண்களுக்கு இருந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது அந்தச் சோதனைக்கு வருவோம். மணமான பெண்கள் நூறு பேரும் மூன்று பெட்டிகளில் ஒன்றில் விழுந்தாக வேண்டும்: பயன்படுத்துபவர், நிறைவேறாத தேவை உள்ளவர், தேவை இல்லாதவர். மூன்றாவதை அறிக்கையின் சுருக்கப் பக்கத்தில் அச்சடிப்பதில்லை, நாமே கழித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2015-16-ல் 53-ம் 10-ம் போக மிச்சம் 37. 2019-21-ல் 69-ம் 7.5-ம் போக மிச்சம் ஏறக்குறைய 24.

ஐந்து ஆண்டில் ‘தேவை இல்லை’ என்ற பெட்டி 37-லிருந்து 24-க்கு வந்திருக்கிறது. யார் அதில் இருப்பவர்கள்? விரும்பிக் கர்ப்பமானவர்கள், விரும்பிப் பெற்ற கைக்குழந்தையோடு இருப்பவர்கள், சீக்கிரம் பிள்ளை வேண்டும் என்பவர்கள், இனிக் கருத்தரிக்க முடியாதவர்கள். முதல் மூன்றும் பிறப்பு விகிதத்தோடு நேராகக் கட்டுண்டவை. பிறப்பு மாறவில்லை என்றால் அவையும் பெரிதாக மாறியிருக்காது. ஆக, 13 புள்ளியும் பெரும்பாலும் நான்காவது வகையிலிருந்துதான் போயிருக்க வேண்டும்.

இங்கேதான் வரையறையின் ஒரு சிறு விதி வேலை செய்கிறது. கல்யாணமாகி ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகி, கடந்த ஐந்து ஆண்டில் பிள்ளையும் பிறக்காமல், கருத்தடையும் பயன்படுத்தியதாகச் சொல்லாத பெண்ணைக் ‘கருத்தரிக்க முடியாதவர்’ என்று கணினி தானாக ஒதுக்கிவிடும். அந்த விதி நியாயமானதுதான். ஆனால் ஆபரேஷன் பதிவாகாமல் போன ஒரு 38 வயதுப் பெண் எங்கே விழுவார் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பிறந்து பத்து ஆண்டாயிற்று, கருத்தடை இல்லை என்று பதிவாகியிருக்கிறது. நேராக ‘கருத்தரிக்க முடியாதவர்’ பெட்டிக்குப் போய்விடுவார். பயன்பாடு குறைந்து தெரியும், நிறைவேறாத தேவை அந்த அளவுக்கு ஏறாது, பிறப்பு விகிதமும் ஏறாது. நீங்கள் பார்த்த மூன்று எண்களும் இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. கருத்தடை உண்மையிலேயே எட்டு புள்ளி குறைந்திருந்தால், விட்டவர்களில் பலர் கர்ப்பமாகியிருக்க வேண்டும் அல்லது நிறைவேறாத தேவைக்குள் வந்திருக்க வேண்டும். இரண்டும் நடந்ததற்கான தடயம் இல்லை.

எனவே 53-லிருந்து 69-க்கு ஏறியதை ஒரு சாதனையாகக் காட்டும் எந்த அறிக்கையையும் நான் ஏற்க மாட்டேன். 2005-06-ஐயும் 2019-21-ஐயும் நேராக ஒப்பிட்டு, பதினைந்து ஆண்டில் 61-லிருந்து 69-க்கு மெதுவான ஏற்றம் என்று எழுதுவதே பாதுகாப்பு. 1.7, 1.8 வித்தியாசத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள். மாதிரி ஆய்வில் ஒரு தசம இடம் இரு பக்கமும் அசைவது சகஜம். ‘தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் மீண்டும் உயர்கிறது’ என்று தலைப்புப் போட அது போதாது.

நிறைவேறாத தேவை குறைவது எப்போதும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 2012 ஆய்வின்படி மொத்தக் கருவுறுதல் விகிதம் 7.6. கருத்தடைப் பயன்பாடு 14 சதவீதம். நிறைவேறாத தேவையோ 16 தான். பீகாரில் 2015-16-ல் கருவுறுதல் விகிதம் 3.4, நிறைவேறாத தேவை 21. நைஜரில் பாதிப் பிள்ளைகூட பெறாத பீகாரில் தேவை அதிகம். காரணம், நைஜர் பெண்கள் அந்த ஆய்வில் சொன்ன விருப்பக் குடும்ப அளவு சராசரியாக ஒன்பது பிள்ளைக்கு மேல். வேண்டும் என்று சொல்பவருக்கு நிறைவேறாத தேவை கிடையாது. அங்கே பெண்கள் படித்து, நான்கு போதும் என்று நினைக்கத் தொடங்கினால் முதலில் இந்த எண் ஏறும், பயன்பாடு துரத்திப் பிடித்த பிறகே இறங்கும். அந்த ஏற்றத்தைத் திட்டத்தின் தோல்வி என்று ஒருவர் எழுதினால் கதை தலைகீழாகிவிடும்.

இன்னொன்று மணிப்பூர். 2015-16-ல் பயன்பாடு 24 சதவீதம், நிறைவேறாத தேவை 30. அடுத்த ஆய்வில் பயன்பாடு 61, நிறைவேறாத தேவை 12. சுருக்கப் பக்கத்தை மட்டும் பார்த்தால் பெரும் முன்னேற்றம். நவீன முறைகளை மட்டும் பிரித்துப் பாருங்கள்: 13-லிருந்து 18. மீதி ஏற்றம் முழுவதும் ‘பாதுகாப்பான நாள்’ பார்ப்பது, வெளியே எடுப்பது போன்ற பழைய முறைகளில். அவற்றைப் பயன்படுத்துபவரும் பயன்படுத்துபவர்தான், தேவை நிறைவேறியவர்தான் என்கிறது வரையறை. முந்தைய ஆய்வில் அதே பெண்கள் அதே முறைகளைச் சொல்லாமல் விட்டார்களா, கேட்பவர் கேட்காமல் விட்டாரா, உண்மையிலேயே நடத்தை மாறியதா என்பதை இந்த எண்களால் பிரிக்க முடியாது.

இதற்காகத்தான் நான் நான்காவதாக ஒரு எண்ணைக் கூடவே வைத்துக்கொள்வேன். நவீன முறை பயன்படுத்துவோரை, பயன்படுத்துவோரும் நிறைவேறாத தேவை உள்ளோரும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுப்பது. மொத்தத் தேவையில் எவ்வளவு நவீன முறையால் நிறைவேறியது என்று அது சொல்லும். ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 3.7.1 என்ற குறியீடும் இதே வகுத்தல்தான். மணிப்பூருக்கு முதல் ஆய்வில் 13-ஐ 54-ஆல் வகுத்தால் 24 சதவீதம். அடுத்ததில் 18-ஐ 73-ஆல் வகுத்தால் 25. ஆக, ஐந்து ஆண்டில் ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. தமிழ்நாட்டுக்கு 2019-21 ஆய்வில் நவீன முறை 65.5, கூட்டுத்தொகை 76. 86 சதவீதம் வரும். பீகாருக்கு 44-ஐ 69-ஆல் வகுத்தால் 64. இந்த எண்ணும் ஆபரேஷன் வருத்தத்தைக் காட்டாது, கல்யாணமாகாதவரை எண்ணாது. ஆனால் விருப்பம் கூடிக் குறைவதால் வரும் ஏமாற்றம் இதில் குறைவு.

கடைசியாக, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து இதில்தான் இடறுவீர்கள். தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.4 என்றும் படித்திருப்பீர்கள். அது மாதிரிப் பதிவு முறை 2020-க்குத் தந்த எண். குடும்ப நல ஆய்வின் 1.8 அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி. ஆனால் காலத்தால் மட்டும் அந்த இடைவெளி நிரம்பாது, ஏனென்றால் பதிவு முறையே 2018-க்கு 1.6, 2019-க்கு 1.5 என்றுதான் சொல்கிறது. இரண்டும் சேகரிக்கும் விதம் வேறு. பதிவு முறையில் தேர்ந்தெடுத்த ஊர்களிலும் வட்டாரங்களிலும் பிறப்பைத் தொடர்ந்து குறித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிறார்கள். குடும்ப நல ஆய்வில் பெண்ணிடமே ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியையும் கேட்டு எழுதுகிறார்கள். ஒன்றில் பிறப்பு விடுபடலாம், மற்றொன்றில் தேதி நகரலாம். ஆண்டுக்கு ஆண்டு போக்கைப் பார்க்கப் பதிவு முறையையும், கருத்தடையோடும் விருப்பத்தோடும் சேர்த்துப் பார்க்கக் குடும்ப நல ஆய்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2016-க்கு ஒன்றிலிருந்தும் 2020-க்கு மற்றொன்றிலிருந்தும் எடுத்து ஒரே கோட்டில் வரையாதீர்கள்.

அந்த 1.4-ஐயும் ஒரு கண்ணோடு பாருங்கள். பெண்கள் பிள்ளை பெறுவதை ஆண்டுக்குச் சராசரியாக ஒரு மாதம் சொச்சம், அதாவது 0.1 ஆண்டு தள்ளிப்போட்டுக்கொண்டே போனால், தள்ளிப்போடும் காலம் முழுக்க விகிதம் ஏறக்குறைய பத்து சதவீதம் தாழ்ந்து தெரியும். கடைசியில் அவர்கள் பெறப்போகும் எண்ணிக்கை குறையாமலே இப்படி நடக்கலாம். கல்யாண வயது ஏறிக்கொண்டிருக்கும் மாநிலத்தில் இந்த விளைவு இருக்கவே செய்யும். 1.4-ஐ 0.9-ஆல் வகுத்தால் 1.56 வரும். தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் பிறகு பெற்றார்களா என்று தெரிந்துகொள்ள, இப்போது முப்பதுகளில் இருக்கும் பெண்கள் 45 வயதைத் தொட்டதும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் சராசரியைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.